“துபாய் நீதிமன்றம் மட்டுமே” என்று கையெழுத்து வைத்த பிறகும் திறந்திருக்கும் வாசல்

வெளிநாட்டு வேலை ஒப்பந்தங்களின் கடைசிப் பக்கத்தில் பெரும்பாலும் ஒரு வரி இருக்கும்: “இவ்வொப்பந்தத்தில் இருந்து எழும் எல்லாப் பிணக்குகளும் இன்ன நாட்டு நீதிமன்றங்களால் மட்டுமே தீர்க்கப்படும்.” மட்டக்களப்பிலும் கல்முனையிலும் இந்த வரியைப் பற்றி இரண்டு விதமான பேச்சைக் கேட்கலாம். சிலர், “கையெழுத்து வெச்சிட்டீங்கதானே தம்பி, இனிக் கதைக்க ஏலாது” என்பார்கள். வேறு சிலர், “அதெல்லாம் சும்மா எழுதுறது, எங்கேயும் வழக்குப் போடலாம்” என்பார்கள். இரண்டுமே பிழை. இந்த வரி எப்போது செல்லும், எப்போது செல்லாது என்பதற்குச் சில நாடுகளில் தெளிவான விதி இருக்கிறது. அதை அறியாமல் உழைத்த காசை விட்டுவிட்டு வருபவர்கள் இருப்பதால்தான் இந்த விளக்கம்.

முதலில் நம் ஊர்க் கணக்கு

கல்முனையில் லீசிங்கில் முச்சக்கர வண்டி எடுக்கிறீர்கள். ஒப்பந்தத்தில், பிணக்கு வந்தால் கொழும்பு நீதிமன்றம் என்று இருக்கிறது. வண்டி ஓடுவது கல்முனையில், தவணை கட்டுவதும் கல்முனையில். வழக்கு என்று வந்தால், ஒவ்வொரு வழக்குத் தவணைக்கும் முதல்நாள் இரவு பஸ் ஏறி, ஒரு நாள் ஓட்டத்தையும் இழந்து, கொழும்பில் சட்டத்தரணி பிடிக்க வேண்டும். உங்கள் பக்கம் நூற்றுக்கு நூறு நியாயம் இருந்தாலும், “காசைக் கட்டிவிட்டுப் போவோம்” என்றுதான் மனம் சொல்லும்.

எந்த நீதிமன்றம் என்ற கேள்வி இப்படித்தான் வேலை செய்கிறது. யார் சரி, யார் பிழை என்று பார்ப்பதற்கு முன்பே, யாரால் அந்த வாசல் வரைக்கும் போக முடியும் என்பதை அது தீர்மானித்துவிடுகிறது. கொழும்புக்கே இந்தப் பாடு என்றால், கடல் தாண்டிய நீதிமன்றத்தை நினைத்துப் பாருங்கள்.

ஒரு வழக்கை எடுத்து விசாரிக்க நீதிமன்றத்துக்கு உள்ள அதிகாரம் நியாயாதிக்கம். ஒப்பந்தக்காரர்கள் முன்கூட்டியே இன்ன நீதிமன்றம் என்று எழுதிக்கொள்ளும் அந்த வரியை நீதிமன்றத் தெரிவு வாசகம் என்று அழைப்போம். இரண்டு கம்பனிகள் தங்களுக்குள் எழுதிக்கொண்டால் அதைப் பெரும்பாலும் நீதிமன்றங்கள் அப்படியே மதிக்கும், ஏனென்றால் இருவருமே பேரம்பேசக் கூடியவர்கள். வேலைக்குப் போகிறவரும் கடையில் வாங்குகிறவரும் அப்படியல்ல. அச்சடித்த தாளை நீட்டுவார்கள். ஒன்றில் கையெழுத்து வைக்கலாம், இல்லையென்றால் எழும்பிப் போகலாம். இந்த வித்தியாசத்தைக் கணக்கில் எடுத்து, பலவீனமான பக்கத்துக்கு என்று தனியாக எழுதப்பட்டவைதான் பாதுகாப்பு நியாயாதிக்க விதிகள்.

விதி எங்கே இருக்கிறது

ஐரோப்பிய ஒன்றியத்தில் இது 1215/2012 இலக்க ஒழுங்குவிதியில் இருக்கிறது. 2015 ஜனவரி 10 முதல் நடைமுறையில் உள்ளது. 17 முதல் 19 வரையான உறுப்புரைகள் நுகர்வோருக்கு, 20 முதல் 23 வரையானவை தொழிலாளருக்கு. ஐக்கிய இராச்சியம் ஒன்றியத்தை விட்டுப் போனபோது, ஏறத்தாழ இதே பாதுகாப்பைத் தன் 1982ஆம் ஆண்டு நியாயாதிக்கச் சட்டத்துக்குள் 15A முதல் 15E வரையான பிரிவுகளாகச் சேர்த்துக்கொண்டது. சுவிற்சர்லாந்து, நோர்வே ஆகிய நாடுகளுக்கு 2007ஆம் ஆண்டின் லுகானோ உடன்படிக்கையில் இதைப் போன்ற விதிகள் உண்டு. கம்பனிகளுக்கிடையிலான நீதிமன்றத் தெரிவை மதிக்க 2005இல் ஹேக் நகரில் உருவான சர்வதேச உடன்படிக்கையும், நுகர்வோர் ஒப்பந்தங்களையும் வேலை ஒப்பந்தங்களையும் தன் 2ஆம் உறுப்புரையிலேயே வெளியே வைத்துவிட்டது.

வேலை ஒப்பந்தத்தை எடுத்துக்கொண்டால், ஐரோப்பிய விதி மூன்று விடயங்களைச் சொல்கிறது. தொழிலாளி வழக்குப் போடுவதென்றால், முதலாளியின் வதிவிட நாட்டில் போடலாம். அல்லது தான் வழமையாக வேலை செய்யும், இல்லையென்றால் கடைசியாக வழமையாக வேலை செய்த இடத்திலும் போடலாம். முதலாளி வழக்குப் போடுவதென்றால், தொழிலாளி வதியும் உறுப்பு நாட்டில் மட்டுமே போடலாம். இதை மாற்றி எழுதும் வாசகம், பிணக்கு எழுந்த பிறகு எழுதப்பட்டால் ஒழிய, தொழிலாளியைக் கட்டாது.

கடைசி விடயத்துக்கு ஒரு விதிவிலக்கு உண்டு, அதையும் தொழிலாளிக்குச் சாதகமாகவே எழுதியிருக்கிறார்கள்: முன்கூட்டியே எழுதிய வாசகம் அவருக்கு மேலதிகமாக ஒரு நீதிமன்றத்தைத் தருமானால் அது செல்லும். வாசகத்தால் புது வாசல் ஒன்றைத் திறக்கலாம், இருக்கும் வாசலைப் பூட்ட முடியாது.

இதுவரை பார்த்ததைச் சுருக்கிச் சொன்னால்: நீதிமன்றத் தெரிவு வாசகம் பொதுவாகச் செல்லும்; தொழிலாளிக்கும் நுகர்வோருக்கும் எதிராக அதன் கை கட்டப்பட்டிருக்கிறது.

ஒரு வழக்கைப் பிரித்துப் பார்ப்போம்

ஏறாவூரைச் சேர்ந்த ஒருவரை எடுத்துக்கொள்வோம். துபாயில் பதிவான ஆட்கள் வழங்கும் கம்பனி ஒன்றுடன் இரண்டு வருட ஒப்பந்தம். இங்கிருந்து நேரே ருமேனியாவின் தீமிஷ்வாரா நகருக்கு அனுப்பப்பட்டு, அங்கே ஒரு களஞ்சியத்தில் பொதி அடுக்குகிறார். ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கத்தில் “துபாய் நீதிமன்றங்கள் மட்டுமே”. பதினான்கு மாதத்தில், நான்கு மாத மேலதிக நேரச் சம்பளம் நிலுவையில் இருக்கும்போது, வேலையில் இருந்து நிறுத்தி ஊருக்கு அனுப்பிவிடுகிறார்கள்.

முதல் கேள்வி, இது வேலை ஒப்பந்தமா? தாளின் தலைப்பில் “சேவை வழங்குநர் உடன்படிக்கை” என்று எழுதி, ஆளைச் சுயதொழில் செய்பவராகக் காட்டும் தந்திரம் உண்டு. நீதிமன்றம் தலைப்பைப் பார்ப்பதில்லை. இன்னொருவருடைய கட்டளைப்படி, அவர் சொல்லும் நேரத்தில் வேலை செய்து அதற்குச் சம்பளம் வாங்கினாரா என்பதைத்தான் பார்க்கும். ஷிப்ட்டும் மேற்பார்வையாளரும் மாதச் சம்பளமும் இருந்தால் அவர் தொழிலாளிதான்.

இரண்டாவது கேள்வி, வழமையாக எங்கே வேலை செய்தார்? பதினான்கு மாதமும் தீமிஷ்வாராவில். இதில் குழப்பம் இல்லை. ஆனால் அதே ஆள் துபாயில் வருடக்கணக்காக வேலை செய்து, இரண்டு மாதத்துக்கு மட்டும் ருமேனியாவுக்குப் போய்த் திரும்பியிருந்தால் கதை மாறும். தற்காலிகமாக அனுப்பப்பட்ட இடம் வழமையான வேலையிடம் ஆகாது.

மூன்றாவது, முதலாளி ஒன்றியத்துக்கு வெளியே இருக்கிறாரே? இங்கேதான் பலர் கைவிட்டுவிடுகிறார்கள். 21ஆம் உறுப்புரையின் இரண்டாம் பந்தி இதற்காகவே எழுதப்பட்டது: ஒன்றியத்துக்கு வெளியே வதியும் முதலாளியையும், தொழிலாளி வழமையாக வேலை செய்த உறுப்பு நாட்டின் நீதிமன்றத்தில் நிறுத்தலாம். ருமேனியா 2007 முதல் உறுப்பு நாடு. ஆகவே தீமிஷ்வாராவுக்குரிய தொழில் வழக்குகளைக் கேட்கும் நீதிமன்றம், கம்பனி துபாயில் இருக்கிறது என்பதற்காக வழக்கைத் தள்ள முடியாது.

நான்காவது, அந்த வாசகம். பிணக்கு எழ முன்னர் எழுதியது. வேலையிடத்து நீதிமன்றத்தைப் பூட்டப் பார்க்கிறது. 23ஆம் உறுப்புரைப்படி “மட்டுமே” என்ற சொல் தொழிலாளியைக் கட்டாது. அவரே விரும்பினால் துபாய்க்குப் போகலாம், அவ்வளவுதான்.

இவர் இப்போது ஏறாவூரில் இருக்கிறார் என்பதும் தடை இல்லை. “கடைசியாக வேலை செய்த இடம்” என்ற சொற்கள் ஊர் திரும்பியவர்களுக்கும் பொருந்துகின்றன. அங்குள்ள சட்டத்தரணிக்கு அற்றோணித் தத்துவம் கொடுத்து வழக்கை நடத்தலாம். ருமேனியத் தொழிற்கோவையின் 270ஆம் உறுப்புரை தொழில் வழக்குகளுக்கு முத்திரைக் கட்டணத்தை விலக்கியிருக்கிறது. வழக்குப் பதிய நீதிமன்றத்துக்குக் காசு கட்ட வேண்டியதில்லை. சட்டத்தரணியின் செலவு வேறு.

இது வெறும் ஏட்டுச் சட்டம் இல்லை. பெர்லினில் உள்ள அல்ஜீரியத் தூதரகத்தில் வேலை செய்த ஒரு சாரதியின் ஒப்பந்தத்தில், அல்ஜீரிய நீதிமன்றங்களே என்று எழுதியிருந்தது. வேலையை இழந்த அவர் பெர்லின் தொழில் நீதிமன்றத்துக்குப் போனார். C-154/11 என்ற இலக்கத்தில் ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் 2012இல் சொன்னது இதுதான்: பிணக்குக்கு முன் எழுதிய வாசகம் தொழிலாளிக்கு மேலதிக நீதிமன்றங்களைக் கொடுக்கலாம், இருப்பவற்றைப் பறிக்க முடியாது. தூதரகத்தையும் இந்த விடயத்தில் ஒரு கிளை நிறுவனமாகவே நீதிமன்றம் எடுத்துக்கொண்டது.

ஒரே இடத்தில் வேலை செய்யாதவர்கள்

களஞ்சிய வேலைக்கு இடம் தெளிவு. கனரக லொறி ஓட்டுபவருக்கும் விமானப் பணியாளருக்கும்? ஒரே வாரத்தில் மூன்று நாட்டில் சக்கரம் உருளும். அதனால்தான் விதி “வேலை செய்யும் இடம்” என்பதோடு நிற்காமல் “அல்லது எங்கிருந்து வேலை செய்கிறாரோ அந்த இடம்” என்றும் சொல்கிறது.

பெல்ஜியத்தின் ஷார்லெருவா விமான நிலையத்தைத் தளமாகக் கொண்ட பணியாளர்கள் சிலரின் ஒப்பந்தங்களில் அயர்லாந்து நீதிமன்றங்கள் என்று எழுதப்பட்டிருந்தது. விமானங்கள் பதிவாகியிருந்ததும் அயர்லாந்தில்தான். C-168/16, C-169/16 என்ற இணைந்த வழக்குகளில் 2017 செப்டெம்பரில் வந்த தீர்ப்பு, விமானத்தின் கொடியைப் பார்க்காமல் ஆளின் ஒரு நாளைப் பார்க்கச் சொன்னது. எங்கிருந்து புறப்படுகிறார், வேலை முடிந்து எங்கே திரும்புகிறார், கட்டளையை எங்கே பெறுகிறார், வேலைக்கான கருவிகள் எங்கே நிற்கின்றன? தளம் எது என்பது மிகப் பாரமான அடையாளம், ஆனால் அது மட்டுமே முடிவு இல்லை.

லொறிச் சாரதிக்கும் இதே கேள்விகள்தான். திங்கள் காலையில் எந்த யார்ட்டில் திறப்பை எடுத்தார், வெள்ளி இரவு எங்கே வண்டியை விட்டார் என்பதுதான் பதில். சம்பளம் போடும் அலுவலகம் எந்த நாட்டில் இருக்கிறது என்பது பின்னால்தான் வரும்.

சுருக்கமாக: பாதுகாப்பு உங்கள் கடவுச்சீட்டைப் பார்த்து வருவதில்லை, நீங்கள் வேலை செய்த நிலத்தைப் பார்த்தே வருகிறது. இலங்கையர் என்பதால் அது குறையவும் இல்லை, கூடவும் இல்லை.

அதே விதி, மறுபக்கம்: அறுகம்பை

நுகர்வோர் விதியை விளங்கிக்கொள்ள நாம் வாங்குபவராக நிற்காமல் விற்பவராக நிற்பது நல்லது, ஏனென்றால் அம்பாறைக் கரையில் அது நேராக நம்மைத் தொடுகிறது. நுகர்வோர் என்றால் தன் தொழிலுக்காக இல்லாமல் சொந்தத் தேவைக்கு வாங்குபவர்.

அறுகம்பையில் அலைச்சறுக்கல் பயிற்சியும் தங்குமிடமும் கொடுக்கும் ஒருவர் இணையத்தில் ஜெர்மன் மொழியில் பக்கம் வைத்திருக்கிறார். விலை யூரோவில். தொலைபேசி இலக்கத்துக்கு முன்னால் +94 என்று சர்வதேசக் குறியீடு. ஜெர்மனிய விருந்தினர்களின் பாராட்டுகளையும் போட்டிருக்கிறார். நிபந்தனைகளில் “இலங்கை நீதிமன்றங்கள் மட்டும்” என்று எழுதியிருக்கிறார். மியூனிக்கில் இருந்து ஒரு தம்பதி பத்து நாளுக்குப் பதிவுசெய்து, சொன்ன பயிற்சி கிடைக்கவில்லை என்று காசைத் திருப்பிக் கேட்கிறார்கள்.

இங்கே முக்கியமான கேள்வி, விற்பவர் தன் வியாபாரத்தை அந்த நாட்டை நோக்கித் திருப்பினாரா என்பது. இணையப் பக்கம் ஜெர்மனியில் திறக்கிறது என்பது மட்டும் போதாது, எந்தப் பக்கமும் எங்கும் திறக்கும். இதை 2010 டிசம்பரில் ஓர் ஒஸ்திரிய ஹோட்டல் தொடர்பான C-144/09 வழக்கில் தெளிவாக்கினார்கள். உள்ளூருக்குத் தேவையில்லாத மொழி, நாணயம், சர்வதேசக் குறியீட்டுடன் தொலைபேசி இலக்கம், வெளிநாட்டு வாடிக்கையாளரைக் காட்டி விளம்பரம் போன்றவற்றைச் சேர்த்துப் பார்க்கச் சொன்னார்கள். அறுகம்பைக்காரரின் பக்கத்தில் ஜெர்மன் மொழியே கிட்டத்தட்டப் பதிலைச் சொல்லிவிடுகிறது. 18ஆம் உறுப்புரைப்படி, விற்பவர் எந்த நாட்டில் வதிந்தாலும், தம்பதி மியூனிக்கிலேயே வழக்குப் போடலாம். நிபந்தனையில் உள்ள “மட்டும்” அவர்களைக் கட்டாது.

ஆகவே அங்கிருந்து அழைப்பாணை வந்தால், “எங்கள் நிபந்தனையில் எழுதியிருக்கிறதே” என்று மேசை இழுப்பறையில் போட்டுவிடுவது ஆபத்து. ஆள் வராமலே தீர்ப்பு வரலாம். பதிவுத் தளங்களோ காசு பெறும் நிறுவனங்களோ ஐரோப்பாவில் அவருக்குத் தரவேண்டிய காசை வைத்திருந்தால், அந்தக் காசின் மேல் கை வைக்க அந்தத் தீர்ப்பு வழி கொடுக்கும்.

இதில் ஒரு விலக்கு புலம்பெயர் உறவுகளுக்குத் தெரிந்திருக்க வேண்டும். 17ஆம் உறுப்புரையின் மூன்றாம் பந்தி போக்குவரத்து ஒப்பந்தங்களை வெளியே தள்ளுகிறது. தனி விமானச் சீட்டு வாங்கினால் நுகர்வோருக்கான இந்தப் பாதுகாப்பு இல்லை. பயணமும் தங்குமிடமும் ஒரே விலையில் சேர்ந்த பொதியாக வாங்கினால் உண்டு.

மட்டக்களப்பில் இருந்துகொண்டு லண்டன் கம்பனியிடம் இணையப் பாடநெறி வாங்குபவருக்கு? தன் ஊர் நீதிமன்றத்தில் வழக்குப் போடும் சலுகை அந்த நாட்டில் வதிபவருக்குத்தான். இங்கே வதிபவருக்கு அந்த விதி மட்டக்களப்பு நீதிமன்றத்தின் கதவைத் திறந்துவிடாது.

விதி எட்டாத இடங்கள்

நம் ஆட்கள் அதிகம் போகும் வளைகுடா நாடுகளில் ஐரோப்பிய ஒழுங்குவிதி செல்லாது. கட்டாரில் வேலை செய்து கட்டார்க் கம்பனியோடு பிணக்கு என்றால், அந்த நாட்டுத் தொழிற்சட்டமும் அங்குள்ள பிணக்குத் தீர்வு முறையும்தான். நம் குடியியல் நடவடிக்கைமுறைக் கோவையின் 9ஆம் பிரிவு, எதிராளி வதியும் இடம், வழக்கு மூலம் எழுந்த இடம், ஒப்பந்தம் செய்யப்பட்ட இடம் போன்றவற்றை வைத்து நியாயாதிக்கத்தைத் தீர்மானிக்கிறது. தொழிலாளி என்றோ நுகர்வோர் என்றோ ஒரு தனிச்சலுகையை அந்தப் பிரிவு கொடுக்கவில்லை.

ருமேனிய நீதிமன்றம் ஏறாவூர்க்காரருக்குச் சார்பாகத் தீர்ப்புக் கொடுத்தாலும், கம்பனியின் காசு முழுவதும் துபாயில் இருந்தால் அதை அறவிடுவது தனிப் பாடு. ஐரோப்பிய விதி துபாய் நீதிமன்றத்தைக் கட்டாது. அதனால் வழக்குப் போடும் முன்பே, களஞ்சியத்தை நடத்துபவர் அந்தக் கம்பனிக்குக் கொடுக்க வேண்டிய காசு ஏதும் ருமேனியாவில் இருக்கிறதா, அங்கே கம்பனிக்குக் கிளை உண்டா என்று சட்டத்தரணியைக் கொண்டு பார்ப்பது அவசியம். இது இல்லாமல் வென்ற தீர்ப்பு சட்டகம் போட்டு மாட்டத்தான் உதவும்.

எந்த நீதிமன்றம் என்பதும் எந்த நாட்டுச் சட்டம் என்பதும் வேறு வேறு கேள்விகள். ஒப்பந்தத்தில் இவை அடுத்தடுத்த வரிகளில் இருப்பதால் பலர் ஒன்றாகக் குழப்பிக்கொள்கிறார்கள். அதைப் போலவே, நீதிமன்றத்துக்குப் பதிலாக நடுத்தீர்ப்பாளரிடம் போகவேண்டும் என்று எழுதியிருந்தால், இங்கே சொன்ன ஒழுங்குவிதி அதைத் தொடாது. நடுத்தீர்ப்பை அது தன் முதலாம் உறுப்புரையிலேயே விலக்கிவிட்டது. அப்படிப்பட்ட வரிக்கு அந்தந்த நாட்டின் சட்டத்தைப் பார்க்க வேண்டும்.

எங்கே சறுக்குகிறார்கள்

மிக மோசமான சறுக்கல் வேலையை விட்டு வரும் நாளில் நடக்கிறது. டிக்கெட்டையும் கடவுச்சீட்டையும் மேசையில் வைத்துவிட்டு, “எல்லாம் தீர்ந்தது” என்று ஒரு தாளை நீட்டுவார்கள். அதன் கீழேயும் “துபாய் நீதிமன்றங்கள் மட்டுமே” என்று இருக்கலாம். முன்பு வைத்த கையெழுத்து கட்டாது என்றோமே, இது வேறு வகை: சம்பள நிலுவையைப் பற்றி ஏற்கெனவே வாய்த்தர்க்கமும் வழக்குப் பேச்சும் நடந்திருந்தால், பிணக்கு எழுந்த பிறகு செய்த உடன்பாடு என்று கம்பனி வாதிடும். சட்டம் அப்படிப்பட்ட உடன்பாட்டை அனுமதிக்கிறது. வாசிக்க முடியாத மொழியில் உள்ள அந்தத் தாளில் கையெழுத்து வைக்க முன்னர், அதன் படத்தை எடுத்து யாரிடமாவது காட்டுங்கள்.

அடுத்தது காலக்கெடு. ஜெர்மனியில் பணிநீக்கத்தை எதிர்க்க, எழுத்தில் அறிவித்தல் கிடைத்ததில் இருந்து மூன்று வாரத்துக்குள் தொழில் நீதிமன்றத்துக்குப் போக வேண்டும். ஒப்பந்தத்தில் உள்ள வரியை நம்பி வேறு நாட்டில் விசாரித்துக்கொண்டு இருந்தால், சரியான வாசல் கண்முன்னே மூடிக்கொள்ளும்.

மூன்றாவது சான்று. வேலையிடத்தைத் தொழிலாளிதான் காட்ட வேண்டி வரும், ஒப்பந்தத்தில் துபாய் முகவரிதான் இருக்கும். ஷிப்ட் அட்டவணை, வாயில் அட்டை, சம்பளச் சிட்டை, வதிவிட அனுமதி அட்டை, மேற்பார்வையாளர் வாட்ஸ்அப்பில் அனுப்பிய “நாளை 6 மணிக்கு” போன்ற செய்திகள், எல்லாவற்றையும் வேலை செய்யும் காலத்திலேயே மாதம் ஒருமுறை படம் எடுத்து ஊரில் இருக்கும் ஒருவருக்கு அனுப்பி வைத்தால் போதும். வேலையை நிறுத்தும் நாளில் வாயில் அட்டையைத் திருப்பி வாங்கிவிடுவார்கள், வாட்ஸ்அப் குழுவில் இருந்தும் நீக்கிவிடுவார்கள்.